நாலு ஞாயிறு, இருபத்திரண்டு வீடு



நோன்பு கிட்டும்போதெல்லாம் எங்கள் இன்பொக்ஸுக்கு ஒரே கேள்வி வரும். "டீச்சர், எங்கட பிளாட்ஸ் குரூப்புலயும் ஷோர்ட் ஈட்ஸ் போட்டு விக்கலாமா? என்னென்டு தொடங்குற?" இம்முறை மாபோலையிலிருந்து ஒருவர், ஹெந்தளையிலிருந்து ஒருவர், கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் பழைய மாணவி ஒருத்தி. மூன்று பேருக்கும் தனித்தனியே எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நாங்கள்" என்றால் உம்மா, தாத்தா, பள்ளிக்கூடம் போகிற ஆள் மூன்று பேரும். சமைப்பது தாத்தாவும் உம்மாவும். கணக்கும் மெசேஜும் டீச்சரின் வேலை. கல்வியியற் கல்லூரியில் பாடக் குறிப்புக் கொப்பி எழுதிப் பழகிய கைக்கு ஓடர் கொப்பி எழுதுவது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை.

வத்தளையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் 64 வீடு. எங்கள் வட்ஸ்அப் குரூப் முதலில் தண்ணீர் பில்லுக்கும் லிப்ட் பழுதுக்குமாகத்தான் இருந்தது. 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்த பிறகுதான் அது சந்தையாக மாறியது. கம்பஹா மாவட்டம் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரம் மரக்கறி லொறிக்காரர் ஒருவர், "இருபது வீடாவது சேர்ந்தால் கேட்டடிக்கு வாரேன், அதுக்குக் குறைஞ்சா டீசல் காசு வராது" என்றார். மூன்றாம் மாடி அங்கிள் ஒருவர் பெயர் எழுதிச் சேர்த்தார். லொறி வந்தது.

இந்த வியாபாரத்தின் முழுக் கணக்கும் அந்த லொறிக்காரரின் ஒரு வசனத்தில் இருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. நாங்கள் விற்பது கடையில் கிடைக்காத ரோல்ஸ் அல்ல. நீர்கொழும்பு வீதியில் இரண்டு எட்டு வைத்தால் ரோல்ஸ் வாங்கலாம். ஆனால் இருபது வீட்டின் ஓடர் ஒரே நாளில், ஒரே கேட்டடியில், ஒரே மேசையில் சேரும்போது த்ரீவீலர் காசு இல்லை, கடை வாடகை இல்லை, மிச்சம் வீசுவதும் இல்லை. எத்தனை பக்கற் என்று தெரிந்த பிறகுதான் கோழி வாங்குகிறோம். ஓடர் ஆறு வீடு, ஏழு வீடு என்று சிதறினால் அந்த லாபம் போய்விடும்.

அதனால் நாள்களை ஆரம்பத்திலேயே கட்டிவிட்டோம். செவ்வாய் இரவு மெசேஜ். வியாழன் இரவு எட்டு மணிக்கு ஓடர் மூடும். அதற்குப் பிறகு சாமான் வாங்கிச் செய்வது. ஞாயிறு பின்னேரம் நாலரையிலிருந்து ஐந்தரை வரை கீழே லிப்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டுக் கொடுப்போம். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டோம் என்று முதலிலேயே சொன்னோம். எட்டு மாடி ஏறி இறங்குவது ஒரு பக்கம். மேசையடியில் நிற்கும்போது, ஓடர் போடாதவர்கள் மற்றவர் கையில் பக்கற்றைப் பார்த்து அடுத்த கிழமைக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். மெசேஜைவிட அந்த ஒரு மணித்தியாலம்தான் எங்களுக்குப் புது வீடுகளைக் கொண்டுவந்தது.

முதல் இரண்டு கிழமை பெயர்ப் பட்டியலை குரூப்பிலேயே ஓடவிட்டோம். ஒருவர் பட்டியலைக் கொப்பி பண்ணி, அடியில் தன் வீட்டு இலக்கத்தைச் சேர்த்துத் திரும்பப் போடுவார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டு பேர் ஒரே நிமிஷத்தில் போட்டால் ஒருவரின் வரி மற்றவரின் பட்டியலில் இராது. அடுத்தவர் எதைக் கொப்பி பண்ணுகிறாரோ அதுதான் நிற்கும். இப்படி இரண்டாம் கிழமை மூன்று வீடு காணாமல் போய், ஞாயிறு பின்னேரம் மேசையடியில் வெறுங்கையோடு நின்றார்கள். எங்களுக்கு முகத்தைத் தூக்கிப் பார்க்க ஏலவில்லை. அதற்குப் பிறகு ஓடர் எல்லாம் எங்கள் நம்பருக்குத் தனியாகத்தான். குரூப்பில் "இதுவரை 31 பக்கற்" என்று எண்ணிக்கையை மட்டும் போடுவோம். யார் எத்தனை எடுத்தார், யார் கடன் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, பெருவிரல் போடுகிறவர்களை ஓடராக எண்ண வேண்டாம். எங்கள் குரூப்பில் 90 நம்பருக்கு மேல். அதில் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்கள், வீடு மாறிப் போயும் குரூப்பை விடாதவர்கள், ஒரே வீட்டில் புருஷனும் மனைவியும் என்று கழித்துப் பார்த்தால் வாங்கக்கூடிய வீடு அறுபது. அதில் கிழமைக்குக் கிழமை வாங்கியது இருபதுக்கு அங்கேயும் இங்கேயும்தான். மாடிக்கு இரண்டு மூன்று வீடு. அதற்கு மேல் நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

மெசேஜ் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போகும். எங்கள் கட்டடத்தில் எல்லா மனிசரும் இருக்கிறார்கள், வத்தளை அப்படித்தான். மாட்டிறைச்சியைப் பொதுப் பட்டியலில் போடுவதில்லை, கேட்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்வோம். வெள்ளிக்கிழமை இந்து வீடுகள் மச்சம் எடுக்காது என்பதால் கொடுக்கும் நாள் ஞாயிறாக இருப்பது நல்லதாகிவிட்டது. தவக்காலத்தில் கத்தோலிக்க வீடுகள் பல இறைச்சியை விட்டுவிடும், அவர்களுக்கு மீன் ரோல்ஸ். இதையெல்லாம் நாங்கள் புத்திசாலித்தனமாகத் திட்டமிட்டதாக நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் மேசையடியில் மெதுவாகச் சொல்லித்தான் படித்தோம்.

இப்போது 2022க்கு வருகிறோம். கேட்கிறவர்களுக்கு நாங்கள் உண்மையில் சொல்ல நினைப்பது அந்த நோன்பு மாதத்தைப் பற்றித்தான்.

அந்த வருஷம் நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வந்தது. முதல் நோன்பு ஏப்ரல் 3, ஈஸ்டர் ஏப்ரல் 17. தாத்தா ஒரு யோசனை சொன்னா. "ஒவ்வொரு கிழமையும் காசு சேர்க்காம, முழு நோன்புக்கும் ஒரேயடியா எடுப்போம். கோழியும் மாவும் மொத்தமா வாங்கலாம்." எங்களுக்கும் சரியென்று பட்டது. நாலு ஞாயிறு, ஞாயிறுக்கு இரண்டு பக்கற், பக்கற்றில் பத்து ரோல்ஸ், கோழியா மீனா என்பது வீட்டுக்காரர் விருப்பம். பொரிக்காமல், பிரீசரில் உறைய வைத்துக் கொடுப்போம். பக்கற் 600 ரூபா, வீட்டுக்கு 4,800. 22 வீடு காசு கட்டியது. கையில் ஒரு இலட்சத்து ஐயாயிரத்து அறுநூறு ரூபா. எங்கள் வீட்டில் அதுவரை ஒரே நேரத்தில் அவ்வளவு காசு இருந்ததில்லை. பக்கற்றுக்குச் செலவு 450, கையில் நிற்பது 150 என்று கொப்பியில் எழுதிச் சந்தோஷப்பட்டோம்.

முதல் அடி கரண்டில் விழுந்தது. மார்ச் 30ஆம் திகதி பத்து மணித்தியாலம், 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள். கட்டடத்து ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, இருந்தாலும் அது லிப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும்தான். முதல் ஞாயிறுக்கு வேண்டிய 44 பக்கற்றில் 14ஐ உம்மா புதன் இரவுதான் செய்து முடித்தா. டீப் பிரீசர் நிரம்பியிருந்ததால் அந்தப் பதினாலையும் பிரிஜ்ஜின் மேல் தட்டில் வைத்தோம். பிழை அதுதான்.

நிரம்பிய டீப் பிரீசர், கதவைத் திறக்காவிட்டால், கரண்ட் இல்லாமல் இரண்டு நாள் வரை குளிரைப் பிடித்துவைக்கும். பாதி நிரம்பியது ஒரு நாள். ஆனால் அது ஏற்கனவே கல்லாக உறைந்த சாமானுக்கு. சூடாறிய ரோல்ஸை வைத்து மூடினால் அதற்குள் பிடித்துவைக்கக் குளிரே இல்லை. உறைவதற்கு முன்னமே கரண்ட் போய்விட்டது. பிரிஜ்ஜின் மேல் தட்டைப் பிள்ளைகள் தண்ணீருக்குத் திறந்துகொண்டே இருந்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது, எல்லோரும் செய்துவைக்க வேண்டியது. ஒரு கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ஐந்து ரூபாக் குற்றியை வையுங்கள். நீங்கள் இல்லாத நேரம் உருகித் திரும்ப உறைந்தாலும் குற்றி கீழே போயிருக்கும். வியாழன் இரவு பார்த்தோம். டீப் பிரீசரில் குற்றி மேலேயே இருந்தது, பக்கற்றில் விரலால் அழுத்தினால் கல் மாதிரி. பிரிஜ்ஜில் குற்றி அடியில் கிடந்தது, ரோல்ஸ் மெத்தென்று இருந்தது. உள்ளே அவித்த கோழியும் உருளைக்கிழங்கும். அப்படியான உணவு சாதாரண பிரிஜ் குளிரையும் தாண்டி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால் திரும்ப உறைய வைக்கக் கூடாது. மணம் மாறாவிட்டாலும் கூடாது.

140 ரோல்ஸ். நோன்புக்கு மூன்று நாள் இருக்கும்போது சாப்பாட்டைக் குப்பையில் போடுவதென்றால் உம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "பொரிச்சு யாருக்காவது குடுப்போமே" என்றா. நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயப்படுவதை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க ஏலாது. போட்டோம். சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு என்றார்கள். அதற்குள் ஓடிப்போய்க் கோழி வாங்கி, மெழுகுதிரி வெளிச்சத்தில் திரும்பச் சுற்றினோம்.

ஞாயிறு காலை எழும்பினால் வட்ஸ்அப் வேலை செய்யவில்லை. பேஸ்புக்கும் இல்லை. அன்றைக்கு சமூக வலைத்தளங்களை முடக்கியிருந்தார்கள், பின்னேரம்தான் திரும்ப வந்தது. காலையில் அது எங்களுக்குத் தெரியுமா? "நாலரைக்கு மேசை" என்று ஞாபகமூட்ட வழியில்லை. கடைசியில் பெரிய மகன் ஒரு தாளில் மூன்று மொழியிலும் எழுதி லிப்டுக்குள்ளும் கேட்டடியிலும் ஒட்டினான். செக்கியூரிட்டி அங்கிள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். ஊரடங்கு ரோட்டுக்குத்தான், படிக்கட்டுக்கு இல்லையே. ஐந்தரைக்கு முன் 22 வீடும் வந்து எடுத்துப் போய்விட்டது. பக்கத்து ஒழுங்கையில் காசு கட்டாமல் சொல்லிவைத்திருந்த இரண்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்க முடியவில்லை.

அதே ஏப்ரலில் சீனாவில் ஷங்ஹாய் நகரமும் பூட்டிக்கிடந்தது. அங்கேயும் தொடர்மாடிக்குத் தொடர்மாடி ஒரு ஆள் வீ சட் குரூப்பில் ஓடர் சேர்த்து, இத்தனை பெட்டி முட்டை, இத்தனை மூடை அரிசி என்று மொத்தமாக வாங்கி கேட்டடியில் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த ஆளுக்கு அவர்கள் மொழியில் 'துவான்சாங்' என்று பெயர், குழுத் தலைவர் என்று சொல்லலாம். நோய்க்கு முன்பே அங்கே பெரிய கம்பனிகள் இதை ஒரு தொழிலாக ஆக்கி, அந்தத் தலைவருக்கு விற்பனையில் ஒரு பங்கு கொடுத்துவந்தன. வாசித்தபோது எங்கள் மூன்றாம் மாடி அங்கிளின் ஞாபகம்தான் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே தலைவர் வேறு, சாமான் செய்கிறவர் வேறு. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே ஆள். பிழை வந்தால் சொல்ல கம்பனி இல்லை.

பிழையும் வந்தது. மார்ச்சிலிருந்தே ரூபா விழுந்துகொண்டிருந்தது. மாவு ஏறியது, முட்டை ஏறியது, கோழி கிழமைக்கு ஒரு விலை. மூன்றாம் ஞாயிறுக்குச் சாமான் வாங்கும்போது பக்கற்றின் செலவு 450 அல்ல, 560. காசோ மார்ச்சிலேயே வாங்கி, பிரீசர் பழுதுக்கும் பழைய கடனுக்குமாகப் பாதி போய்விட்டது. விலையைக் கூட்டலாமா என்று இரண்டு இரவு கதைத்தோம். முழுக் காசையும் முன்னுக்கு வாங்கி, அளவும் திகதியும் பேசி முடித்த விலை அது. அதைத் திரும்ப உயர்த்த எங்களுக்கு உரிமை இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். அதனால் விலையைக் கூட்டவில்லை.

ரோல்ஸைச் சின்னதாக்கினோம்.

இதை இங்கே எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதாவிட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. 75 கிராமுக்குச் சுற்றியதை 65க்குச் சுற்றினோம். யாரும் தராசில் வைக்கப் போவதில்லை என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சொல்லிக்கொண்டோம். பள்ளியில் பிள்ளைகளுக்கு அளவீடு படிப்பிக்கிற ஆளும் அந்த மேசையில் இருந்துதான் சுற்றினா.

நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். சூடாக விற்கிற ரோல்ஸ் அன்றைக்கே வயிற்றுக்குள் போய்விடும். உறைய வைத்து விற்றால், போன கிழமைச் சாமானும் இந்தக் கிழமைச் சாமானும் வாங்கியவரின் பிரீசரில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். திங்கள் காலை ஐந்தாம் மாடி அன்ரி குரூப்பில் ஒரு படம் போட்டா. ஒரு தட்டு, அதில் இரண்டு ரோல்ஸ். ஒன்று இரண்டாம் கிழமையது, மற்றது மூன்றாம் கிழமையது. சிங்களத்தில் ஒரே ஒரு வரி: "மிஸ், இந்த ரெண்டும் ஒரே விலையா?"

90 நம்பரும் பார்த்தது. மத்தியானம் வரை ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கடையில் ஏமாந்தவர் அந்தக் கடைக்குப் போகாமல் விட்டுவிடலாம். எங்களை அவர்கள் தினமும் லிப்டில் பார்க்க வேண்டும், நாங்களும் அவர்களை. பிள்ளைகள் ஒன்றாக வேனில் போகிறார்கள்.

உம்மாதான் சொன்னா, "அந்தப் படத்த அழிக்கச் சொல்ல வேணாம். அதுக்குக் கீழயே எழுதுங்க." எழுதினோம், மூன்று மொழியிலும். சாமான் விலை ஏறியதால் ரோலுக்குப் பத்துக் கிராம் குறைத்தோம், சொல்லாமல் குறைத்தது பிழை, காசு திரும்ப வேண்டியவர் சொல்லலாம், வேண்டாதவருக்குக் குறைந்ததை அடுத்த ஞாயிறு ரோல்ஸாகவே தருவோம். கணக்கையும் போட்டோம். இரண்டு பக்கற், இருபது ரோல், பத்துப் பத்துக் கிராம், மொத்தம் 200 கிராம். 75 கிராம் ரோல்ஸ் மூன்றுக்குக் கிட்ட. வீட்டுக்கு மூன்று. காசு கேட்டது யாருமில்லை.

அந்த ஏப்ரலில் கேஸ் விலையும் ஏறியது. 12.5 கிலோ சிலிண்டர் 2,675லிருந்து 4,860. கடைசி ஞாயிறு பக்கற்றின் செலவு 630, நாங்கள் வாங்கியது 600. அதோடு 66 ரோல்ஸ் மேலதிகம். ஒவ்வொன்றையும் தராசில் வைத்துத்தான் சுற்றினோம்.

பெருநாள் முடிந்து கொப்பியைக் கூட்டினோம். முதல் இரண்டு கிழமை லாபம் 13,200. மூன்றாம் கிழமை, அந்தச் சின்ன ரோல்ஸில், 4,400. நாலாம் கிழமை நட்டம் 1,320. திருப்பிக் கொடுத்த ரோல்ஸ் 4,150 அளவில். குப்பையில் போட்டது 6,300. ஒரு மாதம் மூன்று பேர் உழைத்ததற்கு மிஞ்சியது 5,830 ரூபா. விலை ஏறாதிருந்தால், கரண்ட் இருந்திருந்தால், 26,400 வந்திருக்கும். கொப்பியை நன்றாகப் பார்த்தால் ஒன்று தெரியும். சின்னதாக்கி மிச்சம் பிடித்த காசைவிட, அதைச் சரிசெய்யக் கொடுத்ததுதான் கூட.

அதற்குப் பிறகு நாங்கள் மாதக் காசு எடுப்பதில்லை. அந்தந்தக் கிழமைக்கு அந்தந்த விலை, செவ்வாய் மெசேஜின் முதல் வரியே அதுதான். பாதிக் காசு ஓடரோடு, மீதி மேசையடியில். மொத்தமாகச் சாமான் வாங்குகிற மலிவு இதில் போய்விடும். ஆனால் இன்னொருவரின் காசைக் கையில் வைத்துக்கொண்டு விலை ஏறுவதைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. பக்கற்றில் ரோலின் நிறையையும் செய்த திகதியையும் எழுதி ஒட்டுகிறோம். விலையைக் கூட்டினால் கூட்டினோம் என்று எழுதுகிறோம். அந்த வருஷம் ஜூனில் 600ஐ 850 ஆக்கியபோது ஆறு வீடு நின்றது, பிறகு நாலு திரும்பி வந்தது.

கேட்ட மூன்று பேருக்கும்: முதலில் உங்கள் குரூப் அட்மினிடம் கேளுங்கள். சில கட்டடங்களில் விளம்பரமே போடக் கூடாது, அப்படியென்றால் தனிக் குரூப் தொடங்கி விரும்பியவரை மட்டும் சேருங்கள். வீட்டில் செய்து விற்பதைப் பற்றி உங்கள் பகுதி பீ.எச்.ஐ. மாத்தயாவிடமும் ஒருமுறை கதையுங்கள், மறைத்துச் செய்ய வேண்டியதில்லை. பத்து வீட்டோடு தொடங்குங்கள். டீப் பிரீசரில் குற்றியை வைக்க மறக்க வேண்டாம். கொட்டாஞ்சேனை மகள், நீங்கள் தனியாக இன்பொக்ஸுக்கு வாங்க. ஓடர் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறோம்.

ஐந்தாம் மாடி அன்ரி இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறா, கோழி ஒரு பக்கற், மீன் ஒரு பக்கற். போன நோன்பில் ஏதோ கொடுக்க அவவின் வீட்டுக்குப் போனபோது பிரீசரைத் திறந்து காட்டினா. ஒவ்வொரு பக்கற்றிலிருந்தும் ஒரு ரோலை எடுத்து, திகதி எழுதி, ஒரு ஓரமாக வைத்திருக்கிறா.